அயலில் பேரங்காடி திறக்கும்போது: சிறு பலசரக்குக் கடைக்கான கணக்கும் சட்டமும்

எமது சபையின் எல்லைக்குள் பலசரக்குக் கடை நடத்தும் தமிழர் பலர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் தெருவில் பெரிய நிறுவனத்தின் கடை வரப்போகிறது, அதைத் தடுக்க முடியுமா? முடியாவிட்டால் நாங்கள் விலையைக் குறைக்க வேண்டுமா?" என்பதே அது. பெரும்பாலான வேளைகளில் இரு கேள்விகளுக்கும் விடை "இல்லை" என்பதாகவே அமையும். ஆயினும் அந்த விடையுடன் விடயம் முடிந்துவிடுவதில்லை. கடைக்காரர் எதைச் செய்யலாம், எந்தத் திகதிக்குள் செய்ய வேண்டும், எந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகின்றது. இங்கே கூறப்படும் சட்டங்கள் இங்கிலாந்துக்குரியவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இவற்றிற் பல வேறுபடும்.

முதலில் அறிய வேண்டியது: வருவது எவ்வகைக் கடை?

பெரிய நிறுவனம் ஒன்று திறக்கும் கடைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டம் கடைகளை அவற்றின் விற்பனைப் பரப்பளவைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கின்றது. விற்பனைத் தளம் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடை "பெரிய கடை" ஆகும். அது ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடர்ச்சியாக ஆறு மணித்தியாலங்கள் மட்டுமே திறந்திருக்கலாம். உயிர்த்த ஞாயிறன்று அது மூடப்பட்டிருக்க வேண்டும். அந்த அளவுக்கு உட்பட்ட கடைகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ரெஸ்கோ எக்ஸ்பிரஸ், செயின்ஸ்பரிஸ் லோக்கல் போன்ற பெயர்களில் தெருமுனைகளில் திறக்கப்படும் கிளைகள் பொதுவாக இந்த எல்லைக்குள் அடங்குமாறே அமைக்கப்படுகின்றன.

இந்த வேறுபாடு உங்கள் கடையை நேரடியாகப் பாதிக்கும். வருவது பெரிய கடையாயின், குடும்பங்கள் தமது வாராந்தக் கொள்வனவை அங்கே மாற்றக்கூடும். ஆனால் ஞாயிறு அதிகாலையும் ஞாயிறு மாலையும் உங்களிடமே இருக்கும். வருவது சிறு கிளையாயின், வாராந்தக் கொள்வனவு பெரிதும் மாறாது. ஆனால் காலை ஏழு மணிக்குப் பாலும் பாணும் வாங்க வருபவரும், இரவு பத்து மணிக்குக் குளிர்பானம் வாங்க வருபவரும் அங்கே செல்வர். நீண்ட நேரம் திறந்திருப்பது என்ற உங்கள் பழைய பலம் அங்கே பயன்படாது. மறுபுறம், ஒரே நிறுவனத்தின் சிறு கிளையில் பல பொருட்களின் விலை அதன் பெரிய கடையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருப்பது வழமை. ஆகவே தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் விலையோடு உங்கள் விலையை ஒப்பிடாதீர்கள். கிளை திறந்தபின் நேரிற் சென்று தட்டில் உள்ள விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் அட்டை உள்ளவருக்குத் தனி விலை இருப்பின் இரண்டையும் குறியுங்கள். ஏனெனில் உங்கள் வாடிக்கையாளரிற் பலரிடம் அந்த அட்டை இருக்கும்.

ஆட்சேபனை எதைச் செய்யும், எதைச் செய்யாது

புதிய கட்டடம் எழுப்பப்படுமாயின் திட்டமிடல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் சபையின் இணையத்தளத்தில் வெளியிடப்படும். பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கக் குறைந்தது 21 நாட்கள் வழங்கப்படும். ஆனால் ஏற்கனவே கடையாகவோ வங்கியாகவோ உணவகமாகவோ இருந்த இடத்தில் பலசரக்குக் கிளை வருவதாயின், பயன்பாட்டை மாற்றுவதற்குப் பொதுவாக அனுமதி வேண்டியதில்லை. 2020 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் இப்பயன்பாடுகள் ஒரே வகுப்பிற் சேர்க்கப்பட்டமையே இதற்குக் காரணம். அவ்வாறான இடங்களில் புதிய முகப்பு, விளம்பரப் பலகை, குளிரூட்டி இயந்திரங்கள் ஆகியவற்றுக்கான விண்ணப்பம் மட்டுமே வரக்கூடும். அயலவர் பலர் "அனுமதியே கேட்காமல் திறந்துவிட்டார்கள்" என்று எண்ணுவது இதனாலேயே.

கருத்துத் தெரிவிக்கும்போது பலர் எழுதும் வாசகம் "இதனால் எனது வியாபாரம் பாதிக்கப்படும்" என்பதாகும். திட்டமிடல் சட்டத்தில் இரு தனிப்பட்ட வணிகங்களுக்கிடையிலான போட்டி கருத்திற் கொள்ளப்படும் விடயமன்று. நூறு பேர் கையெழுத்திட்டாலும் அந்தக் காரணத்துக்கு எடை கிடையாது. எடையுள்ள காரணங்கள் வேறு: சரக்கு வாகனம் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு இறக்கும், குளிரூட்டி இயந்திரத்தின் ஓசை மேல்மாடிக் குடியிருப்பைப் பாதிக்குமா, பாடசாலை முன்பாக வாகன நெரிசல் ஏற்படுமா என்பவை. இவற்றை எழுதினால் கடை வருவது பெரும்பாலும் நின்றுவிடாது. ஆனால் அதிகாலை இறக்குதலைத் தடுக்கும் நிபந்தனை ஒன்று விதிக்கப்படலாம்.

மதுபானம் விற்பதற்கான உரிம விண்ணப்பத்துக்கும் இதே தன்மை உண்டு. அதற்கு 28 நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம். ஆனால் குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, தொல்லைத் தடுப்பு, சிறுவர் பாதுகாப்பு என்னும் நான்கு நோக்கங்களில் ஒன்றைச் சார்ந்தே அது அமைய வேண்டும். ஆகவே ஆட்சேபனைக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். எஞ்சிய காலத்தைக் கீழ்வரும் கணக்குக்குச் செலவிடுங்கள்.

கணக்கை நான்கு பகுதிகளாகப் பிரித்தல்

எடுத்துக்காட்டாக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். தொண்ணூறு சதுர மீற்றர் பரப்பு. ஒரு குடும்பமும் இரு பகுதிநேரப் பணியாளரும் நடத்துகின்றனர். வாராந்த விற்பனை, பெறுமதி சேர் வரி நீங்கலாக, 10,000 பவுண். அந்த விற்பனை நான்கு பகுதிகளில் இருந்து வருகின்றது.

முதலாவது, எங்கும் கிடைக்கும் பொருட்கள்: பால், பாண், முட்டை, சீனி, குளிர்பானம், சலவைத்தூள், சிற்றுண்டிப் பொதிகள். இவற்றின் விற்பனை 4,000 பவுண். கொள்விலை போக எஞ்சும் மொத்த இலாபம் நூற்றுக்கு 18, அதாவது 720 பவுண். இரண்டாவது, எமது சமையலுக்குரிய உலர் பொருட்கள்: குத்தரிசி, கீரிச் சம்பா, பருப்பு, உழுந்து, இடியப்ப மா, மிளகாய்த்தூள், கருவாடு. விற்பனை 3,000, இலாபம் நூற்றுக்கு 24, அதாவது 720 பவுண். மூன்றாவது, பச்சை மரக்கறியும் இலைவகையும்: முருங்கைக்காய், வாழைக்காய், வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை. விற்பனை 2,000, பழுதானது போக இலாபம் நூற்றுக்கு 35, அதாவது 700 பவுண். நான்காவது, புகையிலைப் பொருட்களும் தொலைபேசி மீள்நிரப்பலும்: விற்பனை 1,000, இலாபம் 60 பவுண் மட்டுமே.

ஆக மொத்த இலாபம் 2,200 பவுண். வாடகை, சம்பளம், மின்சாரம், காப்புறுதி, கணக்காளர் கட்டணம் எல்லாம் சேர்ந்த நிலையான செலவு வாரத்துக்கு 1,850 பவுண் என்க. குடும்பத்துக்கு எஞ்சுவது 350 பவுண்.

இந்தப் பிரிப்பிலேயே ஒரு பாடம் உண்டு. விற்பனையிற் பாதியை அளிக்கும் முதலாம், நான்காம் பகுதிகள் இலாபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றையே அளிக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு விற்பனையான மரக்கறி, இலாபத்திலும் ஏறத்தாழ அதே அளவான மூன்றில் ஒரு பங்கை அளிக்கின்றது. பேரங்காடி பிரதானமாகத் தாக்குவது முதலாம் பகுதியையே.

இக்கணக்கைச் செய்யும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. அரிசி, பருப்பு, பால், மரக்கறி போன்ற பெரும்பாலான உணவுகளுக்குப் பெறுமதி சேர் வரி பூச்சியம். குளிர்பானம், இனிப்புவகை, உருளைக்கிழங்குச் சீவல் ஆகியவற்றுக்கு 20 வீதம். மொத்தக் கொள்வனவு நிலையத்தில் தட்டில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் வரி சேர்க்கப்படாத விலையாகும். ஒரு போத்தல் குளிர்பானத்தை 1 பவுண் என எழுதியிருக்கும் விலைக்கு வாங்கி 1.50 பவுணுக்கு விற்பவர் 50 பென்ஸ் இலாபம் என்று எண்ணுவார். உண்மையில் 1.50 பவுணுக்குள் 25 பென்ஸ் வரி அடங்கியிருக்கின்றது. எஞ்சும் இலாபம் 25 பென்ஸே. இத்தகைய பொருட்களில் பேரங்காடியோடு விலைப்போட்டி செய்ய உங்களுக்கு இருக்கும் இடம் நினைத்ததிற் பாதிதான்.

எல்லா விலைகளையும் குறைத்தால் என்ன நேரும்?

மேற்கூறிய கடைக்காரர் அச்சத்தில் எல்லாப் பொருட்களிலும் பத்து வீதம் விலை குறைக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு நூறு பவுண் சரக்கை விற்றால் 22 பவுண் எஞ்சியது. இப்போது அதே சரக்கு 90 பவுணுக்கு விற்கப்படுகின்றது. கொள்விலை 78 பவுண் மாறவில்லை. எஞ்சுவது 12 பவுண். பழைய 2,200 பவுண் இலாபத்தைப் பெற வேண்டுமாயின் முன்பு விற்றதைவிட 83 வீதம் கூடுதலான சரக்கை விற்க வேண்டும். அருகில் புதிய போட்டியாளர் வந்திருக்கும் வேளையில், அதே தெருவில், அதே பணியாளரைக் கொண்டு இது நடவாது. விற்பனை அளவு சிறிதும் குறையாமல் இருந்தாற்கூட இலாபம் 1,200 பவுண் ஆகிவிடும்; நிலையான செலவைக் கழித்தால் வாரத்துக்கு 650 பவுண் நட்டம்.

இவ்விழப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. கடை நிறைந்திருக்கும், காசு புழங்கும், வழங்குநருக்கான கொடுப்பனவு மட்டும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பிந்தும். வழங்குநர் கடனை நிறுத்தும் நாளிலேயே பலருக்கு உண்மை புலப்படுகின்றது.

விலை குறைக்காமல் இருந்தால்?

இப்போது அதே கடைக்கு 250 மீற்றர் தொலைவில் பெருநிறுவனத்தின் சிறு கிளை திறக்கப்படுகின்றது. கடைக்காரர் எதையும் மாற்றவில்லை. மூன்று மாதங்களின் பின் அவர் கணக்கைப் பார்க்கின்றார். முதலாம் பகுதி விற்பனை 4,000 பவுணில் இருந்து 2,800 ஆகிவிட்டது. அதன் இலாபம் 504. இரண்டாம் பகுதி 2,850 ஆகச் சிறிது குறைந்தது, இலாபம் 684. மரக்கறி மாறவில்லை, 700. நான்காம் பகுதி 900, இலாபம் 54. மொத்தம் 1,942 பவுண். செலவு போக எஞ்சுவது 92 பவுண். முன்னைய நிலையோடு ஒப்பிட்டால் வாரத்துக்கு 258 பவுண் குறைவு. இதுவே நிரப்பப்பட வேண்டிய பள்ளம். "வியாபாரம் விழுந்துவிட்டது" என்று பொதுவாகக் கவலைப்படுவதைவிட இத்தகைய ஓர் இலக்கத்தை முன்வைத்துச் சிந்திப்பது பயனுள்ளது.

பள்ளத்தை நிரப்பும் வழிகள்

முதலாவது, விலை நினைவில் நிற்கும் சில பொருட்களைத் தெரிந்தெடுத்தல். மக்கள் எல்லாப் பொருட்களின் விலையையும் நினைவில் வைத்திருப்பதில்லை. பால், பாண், முட்டை, சீனி, வெங்காயம், ஒரு பிரபலமான எண்ணெய் என ஒரு பன்னிரண்டு பொருட்களின் விலையைக் கொண்டே "இந்தக் கடை விலை கூடியது" அல்லது "பரவாயில்லை" என்று தீர்மானிக்கின்றனர். அப்பன்னிரண்டையும் பேரங்காடிக் கிளையின் விலைக்கு அருகில் வைத்து, விலையைப் பெரிய எழுத்தில் வாசலருகே எழுதுங்கள். அவற்றின் வார விற்பனை 900 பவுண் என்றும் சராசரி விலைக்குறைப்பு எட்டு வீதம் என்றும் கொண்டால், இதற்காக நீங்கள் இழப்பது வாரத்துக்கு 72 பவுண். இது விளம்பரச் செலவு. பன்னிரண்டு இருபத்தைந்தாகப் பெருகவிடாதீர்கள்.

இரண்டாவது, மரக்கறிப் பழுதைக் குறைத்தல். எமது கடைக்காரர் வாரத்துக்கு 1,300 பவுணுக்கு மரக்கறி வாங்குகின்றார். அதில் ஏறத்தாழ 150 பவுண் பெறுமதியானது குப்பைக்குச் செல்கின்றது. பெரும்பாலும் அது இலைவகையாகவே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை பெருந்தொகையாக வாங்குவதை விட்டு மூன்று தடவைகளில் வாங்கினால், அல்லது அருகிலுள்ள இன்னொரு கடைக்காரருடன் பெட்டிகளைப் பங்கிட்டுக்கொண்டால், பழுதை 80 பவுணாகக் குறைக்கலாம். மீதம் 70 பவுண். இதைச் செய்வதற்கு எறியப்படும் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் நான்கு வாரங்கள் எழுத வேண்டும். எந்தக் கிழமையில் எந்த இலை எறியப்படுகின்றது என்பது தெரியாமல் கொள்வனவை மாற்ற முடியாது.

மூன்றாவது, புதிய சரக்கு வரும் நாளை வாடிக்கையாளருக்கு அறிவித்தல். பேரங்காடிக் கிளையில் வல்லாரை கிடையாது. கிடைத்தாலும் அது எந்நாள் வரும் என்று எவருக்கும் தெரியாது. "வியாழன் மாலையும் சனி காலையும் புதிய கீரை" என்று நிலையாக அறிவித்து அதைத் தவறாது கடைப்பிடித்தால் மரக்கறி விற்பனை 200 பவுண் உயரலாம். இலாபம் 70 பவுண். ஒரு வியாழன் சரக்கு வராவிடின் அதை முற்பகலிலேயே எழுதிப் போடுங்கள். வீணாக வந்து திரும்பியவர் அடுத்த வியாழன் வருவதில்லை.

நான்காவது, குறைந்த விற்பனைத் தட்டுகளை அகற்றுதல். முதலாம் பகுதி விற்பனை முப்பது வீதம் குறைந்தபின் அதற்குரிய தட்டுகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் முன்போலவே வைத்திருப்பது வீண். கதவில்லாத ஒரு குளிர்பானப் பெட்டியை நிறுத்தினால் மின்சாரத்தில் வாரத்துக்கு 25 பவுண் மீதமாகும் என்று இக்கணக்கிற் கொள்வோம். உங்கள் பெட்டியின் உண்மையான செலவை, மின்மானியில் ஒரு வாரம் இயக்கியும் ஒரு வாரம் நிறுத்தியும் பார்த்து அறியலாம்.

ஐந்தாவது, பேரங்காடி செய்ய இயலாத ஒரு பண்டத்தைக் கடையிலேயே செய்தல். எமது எடுத்துக்காட்டில் அது புளித்த தோசை மா. வாரத்துக்கு 120 கிண்ணங்கள், ஒன்று 3 பவுண். அரிசி, உழுந்து, கிண்ணம், பழுது எல்லாம் சேர்ந்து 1.20 பவுண். எஞ்சுவது 216 பவுண். ஆறு மணித்தியால வேலைக்கு, தொழில்தருநரின் பங்களிப்பும் சேர்த்து, 84 பவுண் போனால் 132 பவுண்.

இவற்றைக் கூட்டிப் பார்ப்போம். 70, 70, 25, 132 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 297. விலைக்குறைப்பின் 72 ஐக் கழித்தால் 225. ஆகவே குடும்பத்துக்கு எஞ்சுவது 92 பவுணில் இருந்து 317 ஆக உயர்கின்றது. பழைய 350 முழுமையாகத் திரும்பவில்லை. மேலும் மா பாதியளவே விற்றால், வேலைச்செலவு குறையாதபடியால், இந்த 317 பவுண் 209 ஆகிவிடும். இம்மாற்றங்கள் நிலைபெற நான்கு மாதங்கள் செல்லும் என்று கொண்டால், அக்காலத்தில் வாரத்துக்கு 258 பவுண் வீதம் ஏறத்தாழ 4,500 பவுண் குறைவாக வரும். அத்தொகை கைவசம் உண்டா, அல்லது அந்த மாதங்களில் வீட்டுச் செலவைக் குறைக்க முடியுமா என்பதை முன்கூட்டியே பாருங்கள்.

கடையில் உணவு செய்வதற்கான சட்டத் தேவைகள்

இதுவரை பொதி செய்யப்பட்ட பொருட்களை மட்டும் விற்ற கடை உணவு தயாரிக்கத் தொடங்குவதாயின், அந்த மாற்றத்தைச் சபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் உணவு வணிகம் 28 நாட்களுக்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவு இலவசம். அயலில் உள்ள ஒருவர் தமது வீட்டிற் செய்து உங்களிடம் விற்பனைக்குத் தருவாராயின், அவருடைய வீடும் உணவு வணிகமாகப் பதியப்பட வேண்டும். பதியப்படாத வீட்டில் இருந்து வந்த பண்டத்தை விற்றமைக்கு விளக்கம் கூற வேண்டியவர்களுள் நீங்களும் ஒருவர் ஆவீர்கள்.

2021 அக்டோபர் 1ஆம் திகதி முதல், விற்கும் இடத்திலேயே முன்கூட்டிப் பொதி செய்து வைக்கப்படும் உணவின் மீது உணவின் பெயரும் முழுமையான உள்ளடக்கப் பட்டியலும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சட்டம் குறிப்பிடும் பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களில் ஏதேனும் அதில் இருப்பின் அப்பெயர் தடித்த எழுத்தில் அல்லது வேறு வகையில் எடுப்பாகக் காட்டப்பட வேண்டும். எமது சமையலில் மூன்று இடங்களில் தவறு நேர்வதுண்டு. எள்ளும் நல்லெண்ணெயும் அப்பட்டியலில் உள்ளவை. கடுகும் அவ்வாறே. பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலக்கப்பட்டிருக்கும். ஆகவே உழுந்து வடை கோதுமை அற்றது என்று நினைத்து எழுதுபவர், பெருங்காயப் போத்தலின் பின்புறத்தை முதலில் வாசிக்க வேண்டும். அரிசி, உழுந்து, வெந்தயம், உப்பு மட்டும் கொண்ட தோசை மாவில் அப்பதினான்கில் எதுவும் இல்லை. ஆனால் அதே அரைக்கும் இயந்திரத்தில் கோதுமையோ கச்சானோ அரைக்கப்படுமாயின் ஆபத்து அங்கே தொடங்குகின்றது. ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இது உயிர் பற்றிய விடயம்.

மாற்றம் பலன் தருகின்றதா என்று அறிதல்

வாராந்த விற்பனைத் தொகை மட்டும் போதாது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் இரண்டு இலக்கங்களை எழுதுங்கள்: அவ்வாரத்தில் வழங்கிய பற்றுச்சீட்டுகளின் எண்ணிக்கை, ஒரு பற்றுச்சீட்டின் சராசரித் தொகை. காசாளர் இயந்திரம் இவ்விரண்டையும் தரும். எண்ணிக்கை குறைந்து சராசரி உயருமாயின், ஒரு போத்தல் பாலுக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். சமையலுக்கு வாங்குபவர்கள் இருக்கின்றார்கள். அது தாங்கக்கூடிய நிலை. எண்ணிக்கை அவ்வாறே இருந்து சராசரி மாதந்தோறும் குறையுமாயின், நிலைமை அதைவிடக் கடினமானது. கூட்டம் குறையாதபடியால் கடைக்காரர் அதை உணர்வதில்லை. ஆனால் வாடிக்கையாளர் அரிசியையும் எண்ணெயையும் வேறிடத்தில் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலைக்கு மட்டும் உங்களிடம் வருகின்றனர். தீபாவளி, ரமழான் காலங்களில் பெரிய நிறுவனங்கள் பத்துக் கிலோ பாஸ்மதி அரிசியையும் எண்ணெயையும் சலுகை விலையில் வைப்பது வழமை. அவ்வேளைகளில் பாஸ்மதியில் போட்டியிடாது, அங்கே கிடைக்காத குத்தரிசியையும் சம்பாவையும் முன்தட்டுக்குக் கொண்டுவருவது நன்று.

குத்தகைப் பத்திரத்தில் உள்ள திகதிகள்

நிலையான செலவுகளில் மிகக் கடினமானது வாடகை. பேரங்காடி வரும் செய்தி கிடைத்ததும் குத்தகைப் பத்திரத்தை எடுத்து மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, வாடகை மீளாய்வு எப்போது? பல பத்திரங்களில் மீளாய்வு வாடகையை உயர்த்த மட்டுமே இடந்தரும். இரண்டு, குத்தகையை முன்கூட்டி முடிக்க உங்களுக்கு உரிமை உண்டா? இருப்பின் அது குறிப்பிட்ட ஒரு திகதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு முன்னர், எழுத்தில் அறிவித்தாலே செல்லும். வாடகை நிலுவை இருத்தலாகாது என்பது போன்ற நிபந்தனைகளும் இருக்கும். ஒரு நாள் தவறினாலும் அடுத்த சந்தர்ப்பம் பல ஆண்டுகள் கழித்தே வரக்கூடும். மூன்று, 1954ஆம் ஆண்டின் நிலவுரிமையாளர் - குத்தகைக்காரர் சட்டத்தின் பாதுகாப்பு உங்கள் குத்தகைக்கு உண்டா, அல்லது கையெழுத்திடும்போது அது விலக்கப்பட்டதா?

பாதுகாப்பு இருப்பின், குத்தகைக் காலம் முடிந்தாலும் நீங்கள் தொடர்ந்து இருக்கலாம். புதிய குத்தகை கோரும் உரிமையும் உண்டு. ஆனால் அச்சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் உரிமையாளர் அறிவித்தல் அனுப்பினால், அதிற் குறிக்கப்பட்ட திகதிக்குள் உடன்பாடு கையெழுத்தாக வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கால நீடிப்பை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். "உரிமையாளர் நல்லவர், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று அத்திகதியைக் கடக்கவிட்டால் உரிமை முற்றாக இழக்கப்படும். வாடகையைச் சில மாதங்களுக்குக் குறைக்க உரிமையாளர் இணங்கினாலும் அதை எழுத்திற் பெறுங்கள். வாய்ச்சொல் பின்னர் நிலுவைக் கோரிக்கையாக மாறலாம். அறிவித்தல் எதுவும் கிடைத்த அன்றே வணிகக் குத்தகையில் பழகிய சட்டத்தரணி ஒருவரை நாடுங்கள்.

வணிகச் சொத்து வரியையும் இவ்வேளையிற் சரிபாருங்கள். உங்களுக்கு இருப்பது ஒரே வணிக இடமாயின், அதன் வரிமதிப்பு 12,000 பவுண் அல்லது அதற்குக் குறைவு என்றால் சிறு வணிகச் சலுகையின் கீழ் வரி முழுவதும் நீக்கப்படலாம். 12,000 முதல் 15,000 வரை சலுகை படிப்படியாகக் குறையும். இதற்கு விண்ணப்பிக்காமலே முழு வரியையும் செலுத்திவருவோர் உளர். உங்கள் வரிப்பத்திரத்தில் அச்சலுகை காட்டப்படாவிடின் சபையின் வணிகவரிப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது?

ஆறு மாதங்கள் மாற்றங்களைச் செய்தபின்னும் மொத்த இலாபம் நிலையான செலவைவிடத் தொடர்ச்சியாகக் குறைவாக இருக்குமாயின், வீட்டை ஈடுவைத்தோ உறவினரிடம் கடன் பெற்றோ கடையைத் தாங்குவதற்கு முன் குத்தகையை முடிக்கும் திகதியைப் பாருங்கள். குத்தகைக்கு நீங்கள் தனிப்பட்ட உத்தரவாதம் கையெழுத்திட்டிருந்தால், கம்பனியை மூடினாலும் அந்தக் கடமை உங்களைத் தொடரும். இலாபம் செலவுக்கு மேலாகவும் வீட்டுத் தேவைக்குக் கீழாகவும் இருக்குமாயின், அது மூடவேண்டிய கடை அன்று. திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்து, குடும்பத்தில் ஒருவர் வெளியே பகுதிநேர வேலை பார்க்கக்கூடிய கடையாக அது இருக்கலாம். இவ்விரு நிலைகளையும் பிரித்தறிவதற்கே மேற்கூறிய நான்கு பகுதிக் கணக்கு உதவுகின்றது.

தொடங்குவதற்கு மூன்று தாள்கள் போதும்: சென்ற நான்கு வாரங்களின் விற்பனையைப் பகுதிவாரியாகக் காட்டும் ஒன்று, நிலையான செலவுகளின் பட்டியல் ஒன்று, குத்தகைத் திகதிகளை எழுதிய ஒன்று. கணக்காளரிடமோ சட்டத்தரணியிடமோ எமது சபையின் சிறு வணிக ஆலோசகரிடமோ செல்லும்போது இம்மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆலோசகரைச் சந்திக்க நேரம் ஒதுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று அறிவித்தால் அதற்கான ஒழுங்கு செய்யப்படும்.